நாலாம் மாடியின் தொண்ணூறு வினாடி

நூகராஜுவை எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டட வேலையில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது என்றுதான் முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்த கட்டடத்தில் குளிர்காற்று எந்திரங்கள் சொன்னபடி ஓடுகின்றனவா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் தொழில். எந்திரம் மாட்டிய ஒப்பந்தக்காரனுக்கும் அவர் ஆள் இல்லை, மாட்டச் சொன்ன ஆஸ்பத்திரிக்கும் ஆள் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உப்பு சரியா என்று பார்க்க மட்டும் வந்தவரை யார் உபசரிப்பார்கள்? பாயசம் ஊற்றுகிறவன்கூட ஒரு மாதிரிதான் பார்ப்பான்.

நான் ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பொறியாளர். எல்லோரும் கை குலுக்கி, போட்டோ எடுத்து, இனிப்புச் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு எந்திரம் என் தலையில்தான் விழும். அதனால் நூகராஜு கறாராக இருப்பது எனக்கு நல்லது. இது புத்திக்குத் தெரியும். ஆனால் மே மாத விசாகப்பட்டினத்தில், நாலாம் மாடிக்கும் மேலே மொட்டைமாடியில், கடற்காற்று ஈரத் துணி மாதிரி முகத்தில் ஒட்டும்போது, ஒரே சோதனையை மூன்றாம் முறை செய்யச் சொல்கிற மனிதர்மேல் புத்தி எங்கே வேலை செய்யும்?

அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'மொதல் வரி'. சோதனைத் தாளில் பத்தொன்பது வரிகள். ஒவ்வொரு வரியிலும் என்ன செய்ய வேண்டும், எந்திரம் என்ன காட்டினால் ஏற்கலாம், உண்மையில் என்ன காட்டியது, தேர்வா தோல்வியா என்று நாலு கட்டங்கள். ஒரு வரி தோற்று, அதைச் சரிசெய்ய எவனாவது ஒரு கம்பியைத் தொட்டால் போதும், நூகராஜு புதுத் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார்.

"நூகராஜு காரு, ஒரு ஒயர மாத்தினதுக்கு மறுபடி ஃபில்டர் அலாரம் எதுக்குங்க?" என்று ஒப்பந்தக்காரனின் ஆள் பங்கார்ராஜு ஒருமுறை தலையில் அடித்துக்கொண்டான். "கால்ல முள்ளு குத்துனா தலைக்கு ஸ்கேன் எடுப்பீங்களா?"

"எடுப்பேன் பாபு. முள்ள எடுக்கறேன்னு குனிஞ்சப்ப நீ தலைமேல சுத்தியலப் போட்டிருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?"

பங்கார்ராஜு சிரித்துவிட்டான். அவனைத் திட்டினால்கூடச் சிரிக்கும்படி திட்டுகிற ஆள் நூகராஜு. அனகாபல்லிக்காரர். அந்த ஊர்த் தெய்வம் நூகாலம்மன் பெயரை வைத்திருக்கிற ஆயிரம் பேரில் ஒருவர். அப்பா வெல்ல மண்டியில் எடை போட்டவர். மகன் ஜன்னல் ஏ.சி. பழுது பார்க்கப் போய், பாலிடெக்னிக் படித்து, ஹைதராபாத் பக்கம் மருந்துத் தொழிற்சாலைகளில் தூசியில்லாத அறைகளைச் சோதித்துச் சோதித்தே தலைமுடியைப் பாதி இழந்தவர். மீட்டர் எத்தனை காட்டினாலும், கதவிடுக்கில் ஒரு டிஷ்யூ காகிதத் துண்டைப் பிடித்து அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்காமல் எழுதமாட்டார். சட்டைப் பையில் பேனாவோடு எப்போதும் நாலைந்து காகிதத் துண்டுகள் இருக்கும். மீன் கடைக்காரிகூட அவரிடம் ஏமாற்றமாட்டாள் என்று அவர் மனைவி சொல்வாளாம்.

அந்த வருஷம் நாங்கள் திறக்கவிருந்தது நாலாம் மாடியில் எலும்பு மஜ்ஜை மாற்று வார்டு. நாலே அறைகள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி அறவே இல்லாத குழந்தைகள் வாரக்கணக்கில் இருக்கப்போகிற இடம். அதனால் அறைக்குள் காற்றின் அழுத்தம் எப்போதும் வெளி வராந்தாவைவிட ஒரு பிடி கூடுதலாக இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் காற்று வெளியேதான் போக வேண்டும், வெளிக்கிருமி உள்ளே நுழையக் கூடாது. இதற்கென்றே மொட்டைமாடியில் ஒரு ஏ.எச்.யு., காற்றை வடிகட்டிக் குளிர்வித்து அறைகளுக்குத் தள்ளும் எந்திரம், ஒரு லாரி நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் நூகராஜுவும் நானும் அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் தயிர்ச்சோற்றுக்கு அவர் டப்பாவிலிருந்து ஆவக்காய் எடுத்துக்கொண்டேன். அவர் சாப்பிடாமல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹைமா மேடம், ஒரு விஷயம் நீங்க தெரிஞ்சுக்கணும். வார்டு திறந்ததும் மொதல்ல உள்ள போகப்போற நாலு குழந்தைல ஒண்ணு என் பொண்ணு."

நான் தயிர்ச்சோற்றை மூடி வைத்தேன்.

சங்கராந்திக்குப் பிறகு மகள் லாஸ்யாவின் காலில் அங்கங்கே நீலமாகத் தடம் வந்ததாம். விளையாடி விழுந்திருப்பாள் என்று விட்டார்கள். பிறகு மூக்கில் ரத்தம். பிறகு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இடுப்பெலும்பில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிட்டிருந்தது. ஒன்பது வயது. அண்ணன் சாத்விக்கின் மஜ்ஜை அச்சாகப் பொருந்தியது, அது அதிர்ஷ்டம். ஹைதராபாதிலும் வேலூரிலும் மாதக்கணக்கில் வரிசை. ரத்தத்தில் வெள்ளணுவே இல்லாத குழந்தையை ரயிலில் கூட்டிப் போக டாக்டர்களுக்குத் தைரியம் இல்லை. எங்கள் வார்டு திறந்தால் போதும் என்று இரண்டாம் மாடிக் குழந்தைகள் வார்டில் படுக்க வைத்திருந்தார்கள்.

"ஐயோ, அப்ப நீங்க இந்த வேலைய செய்யக் கூடாதே," என்றேன். "வேற ஆள அனுப்பச் சொல்லுங்க."

"சொன்னேன். எங்க கம்பெனில சோதிக்கற ஆளு மொத்தம் ரெண்டு பேரு. இன்னொருத்தன் குவாஹாத்தில மாட்டிக்கிட்டிருக்கான். உங்க டிரஸ்ட் செக்ரட்டரிக்கும் எழுதிக் குடுத்தேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'நல்லதாப் போச்சு, இன்னும் கவனமாப் பாப்பீங்க'ன்னாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவரைப் பிடிக்காது என்று சொல்வதை விட்டுவிட்டேன். ஆனால் அவர் பக்கத்தில் நிற்பது அதைவிடக் கஷ்டமாகிவிட்டது.

முதல் தாளில் பதினாறு வரிகள் ஒழுங்காகப் போயின. விசிறி ஓடியது, நிறுத்தினால் நின்றது. காற்றின் அளவு பத்து சதவீதத்துக்குள். குளிர், சொன்னதிலிருந்து ஒரு டிகிரிகூட விலகவில்லை. அழுக்கு ஃபில்டர் மாதிரி அட்டையை வைத்து மறைத்ததும் அலாரம் அடித்தது. புகை உணரியில் புகை காட்டியதும் விசிறி நின்று, வெளிக்காற்றை உள்ளே விடும் டேம்பர் என்கிற தகட்டுக் கதவு தானாக மூடிக்கொண்டது. நாலு அறையிலும் அழுத்தம் எட்டு பாஸ்கலுக்கு மேல்.

பதினேழாவது வரி மின்வெட்டு. மெயினை அணைக்க வேண்டும். ஜெனரேட்டர் தானாக ஓடி மின்சாரம் கொடுக்க வேண்டும். யாரும் தொடாமலே எந்திரம் திரும்ப எழுந்து, தொண்ணூறு வினாடிக்குள் அறை அழுத்தம் மறுபடி எட்டு பாஸ்கலுக்கு வர வேண்டும். ஜெனரேட்டர் வந்த பிறகு ஒரு கணம்கூட அறை வராந்தாவிலிருந்து காற்றை உறிஞ்சக் கூடாது. தாளில் உள்ள ஏற்பு அளவு அது.

ஜெனரேட்டர் வந்ததும் கழிவறைக் காற்றை வெளியேற்றும் சின்ன விசிறி சட்டென்று ஓட ஆரம்பித்தது. பெரிய எந்திரம் இன்னும் எழவில்லை. நூகராஜுவின் காகிதத் துண்டு அறைக்குள்ளே வளைந்தது. வராந்தாக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

அது சுலபமான தப்பு. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வராமல், எலெக்ட்ரீஷியன் தன்பாட்டுக்கு அந்த விசிறிக்கு நேரே மின்சாரம் கொடுத்திருந்தான். ஒரு கேபிள் இழுத்து, பெரிய எந்திரம் எழுந்தால்தான் சின்னது எழும் என்று கட்டிப்போட்டார்கள். இரண்டு நாள். புதுத் தாள், முதல் வரி.

இந்த முறை காகிதம் உள்ளே வளையவில்லை. அசையாமல் தொங்கியது. தொங்கிக்கொண்டே இருந்தது. தொண்ணூறு போயிற்று, நூற்றைம்பது போயிற்று. இருநூறு தாண்டித்தான் எட்டு பாஸ்கல் வந்தது.

நாங்கள் மொட்டைமாடிக்கு ஓடிப் பார்த்தோம். வெளிக்காற்று டேம்பரின் மோட்டார் நத்தை மாதிரி திறந்துகொண்டிருந்தது. அது முழுசாகத் திறந்தால்தான் விசிறி கிளம்பும். விசிறியை முன்னாலேயே கிளப்பினாலும் பிரயோஜனமில்லை. உள்ளேயே சுற்றுகிற காற்று அறையை உப்ப வைக்காது, வெளியிலிருந்து வருகிற கூடுதல் காற்றுதான் உப்ப வைக்கும். வாங்கச் சொன்னது வேகமான மோட்டார். வந்தது மெதுவானது. பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மாட்டியபோது ஒரு தாள் எழுதினார்களே என்று எடுத்துப் பார்த்தேன். 'டேம்பர் முழுதும் திறக்கிறதா? ஆம்.' எவ்வளவு நேரத்தில் என்று அந்தத் தாளில் கேள்வியே இல்லை. திறக்கிறதா என்று கேட்டார்கள், திறந்தது, எழுதினார்கள். யாரைத் திட்டுவது?

சரியான மோட்டார் வர மூன்று வாரம் என்றார்கள்.

"ஒரு கட்டைய சொருகி டேம்பர திறந்தபடியே வெச்சுடலாம் சார்," என்றான் பங்கார்ராஜு. அவன் குரலில் விளையாட்டு இல்லை, அவனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. "எழுபது செகண்டுல வந்துரும்."

"வந்துரும். அப்பறம் தீப்பிடிச்சா புகை அந்த வழியா நாலு ரூமுக்கும் வந்துரும். பதினாலாவது வரி தோத்துரும் பாபு."

"பதினாலாவது வரிய ஏற்கெனவே எழுதியாச்சே..."

நூகராஜு அவனைக் கோபமாகப் பார்க்கவில்லை. தோளில் கை வைத்தார், அவ்வளவுதான். பிறகு பதினேழாவது வரியில் 'தோல்வி' என்று எழுதினார். அவர் கையெழுத்து எப்போதும் உருண்டையாக, பள்ளிக்கூடப் பிள்ளை கையெழுத்து மாதிரி இருக்கும். அன்றும் அப்படியேதான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்சமாவது கோணியிருக்கக் கூடாதா?

மூன்று வாரம் சும்மா இருக்க எனக்கு முடியவில்லை. ஹைதராபாதில் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன். பெங்களூரிலிருந்து ஒரு வேகமான மோட்டார் பஸ்ஸில் வந்தது. பிரித்துப் பார்த்தால் மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் அதில் இல்லை. அதை மாட்டினால் புகை வரி மறுபடி தோற்கும். திருப்பி அனுப்பினேன்.

இரண்டாம் மாடியில் குழந்தைகள் வார்டுக்கு அடிக்கடி போக ஆரம்பித்தேன், ஏதோ குழாய் ஒழுகுகிற சாக்கில். லாஸ்யா முகமூடியோடு, ஜன்னல் வழியாகத் துறைமுகத்துக் கப்பல்களை எண்ணிக்கொண்டிருப்பாள். 'முரி மிக்ஸ்சர்' வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்பாள். கடற்கரை வண்டியில் பொரியோடு வெங்காயம், எலுமிச்சை பிசைந்து தருவார்களே, அது. வெளிச்சாப்பாடு ஆகாது என்று அவளுக்கும் தெரியும். "வார்டு தொறக்கட்டும், அப்பறம் எல்லாம் சரியாயிடும், அப்பறம் வாங்கித் தரேன்" என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

ஒருநாள் அவள் அம்மா சத்யவேணி என் பின்னாலேயே படிக்கட்டு வரை வந்தாள்.

"மேடம், நாலாம் மாடி ரூம் கண்ணாடி மாதிரி இருக்காமே."

"ஆமாம்மா."

"பூட்டி வெச்சிருக்கீங்களாமே."

நான் ஒரு படி இறங்கினேன். அவளும் இறங்கினாள்.

"எல்லாம் சரியா ஓடுதாம். கரண்ட் போனா மட்டும் காத்து வர ரெண்டு நிமிஷம் லேட்டாகுதாம். அதுக்குத்தான் இவரு ஃபெயில்னு எழுதினாராம்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நான் ஒண்ணு கேக்கறேன் மேடம். என் பொண்ணு படுத்திருக்கற இந்த வார்டுல ஒரு சீலிங் ஃபேனு, ஒரு ஜன்னல். பக்கத்துக் கட்டில்ல இருமிக்கிட்டு ஒரு பையன். இங்க கரண்ட் போனா எத்தன செகண்டுல காத்து வருதுன்னு யாராவது தாள் வெச்சு எழுதினீங்களா?"

எத்தனையோ பொறியாளர் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை. படிக்கட்டில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே தொற்றுத் தடுப்பு டாக்டர் பார்வதீசத்தின் அறைக்குப் போனேன். அந்தத் தொண்ணூறு என்ற எண்ணை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அவர் ஒப்பினால் எண்ணை மாற்றலாம்.

அவர் பொல்லாத மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார். முழுசும் கேட்டார்.

"தொண்ணூறு எங்கேர்ந்து வந்துச்சு டாக்டர்? நூத்தம்பது ஏன் இல்ல? இருநூறு ஏன் இல்ல?"

"உண்மையச் சொல்லணும்னா, எனக்கே தெரியாதும்மா. நாலு ஆஸ்பத்திரில என்ன வெச்சிருக்காங்கன்னு பாத்தேன். ஒரு எண்ணு போடணும், போட்டேன்."

"அப்ப மாத்துங்களேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஹைமாவதி, சோதிக்கறதுக்கு முன்னாடி நீ வந்து கேட்டிருந்தா இருநூறுன்னுகூட எழுதியிருப்பேன், யோசிக்காம. இப்ப எந்திரம் இருநூறு காட்டிருச்சு. இப்ப நான் இருநூறுன்னு எழுதினா, அது குழந்தைக்காக எழுதின எண்ணா, எந்திரத்துக்காக எழுதின எண்ணா? நாளைக்கு அழுத்தம் எட்டு வராது, ஆறுதான் வரும். அதையும் மாத்தச் சொல்லி யாராவது இதே நாற்காலில உக்காருவாங்க."

"கீழ அந்தப் பொண்ணு படுத்திருக்கற வார்டுல எந்த எண்ணும் இல்லையே டாக்டர்?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அந்த வார்டு பத்திரமானதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. இந்த ரூம அப்படிச் சொல்லிக் குடுக்கப்போறேன். மஜ்ஜைய மொத்தமா அழிச்சுட்டு அந்த ரூமை மட்டும் நம்பிக் குழந்தைய உள்ள வெக்கறோம்மா. அதனாலதான்."

நியாயம்தான். அவர் சொன்னது நியாயம், சத்யவேணி கேட்டது நியாயம், நூகராஜு எழுதியது நியாயம். எல்லோரும் நியாயமாக இருந்தால் குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி? கமிட்டியில் வைக்கிறேன் என்றார் டாக்டர். கமிட்டி அடுத்த வியாழன்.

நூகராஜுவிடம் போய் நின்றேன். வேறு வேலையில்லாததால் மற்ற மாடிகளின் எந்திரங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"கமிட்டில நீங்க வந்து சொல்லுங்க. இருநூறு செகண்டுனாலயும் ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்த. உங்க வார்த்தைக்கு மதிப்பிருக்கு."

"ஒண்ணும் ஆகாதான்னு எனக்குத் தெரியாதே மேடம்."

"ஆகும்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது." காகிதத் துண்டை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "நான் போய்க் கேட்டா, அப்பன் வந்து கேக்கறான்னு ஆகும். கேக்காம இருந்தாலும் அப்பன்தான் கேக்காம இருக்கறான். நான் எங்க நின்னாலும் அப்பனாத்தான் நிக்கறேன். வேற எந்த இடத்துலயாவது நிக்க முடியுமான்னு பாக்கறேன், முடியல."

அப்போதுதான் முதல்முறையாக அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். பெரிய எந்திரங்களின் இரைச்சலில் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அவருக்கும் கேட்டிருக்காது.

புதன்கிழமை லாஸ்யாவுக்குக் காய்ச்சல் வந்தது. வியாழன் கமிட்டி கூடியபோது அவளுக்கு நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நுரையீரலில் பூஞ்சை. காய்ச்சல் இருக்கும்வரை மஜ்ஜை மாற்றுக்கு எடுக்க முடியாது, மாற்றாமல் காய்ச்சலோடு போராட அவள் உடம்பில் ஒன்றும் இல்லை. கமிட்டியில் யாரும் எதுவும் முடிவு செய்யவில்லை. செய்திருந்தாலும் இனி அவளுக்கு அதனால் ஆகப்போவது எதுவுமில்லை.

பூஞ்சை எங்கிருந்து வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. ஜன்னல் வழியாகவா, பக்கத்துக் கட்டிலிலிருந்தா, அவள் உள்ளே வருவதற்கு முன்பே உடம்பில் இருந்ததா? நாலாம் மாடிக்கு முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாளா? யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஒருவரையாவது திட்டித் தீர்க்கலாம். அதற்குக்கூட வழியில்லை.

ஐ.சி.யூ.வில் பதினோரு நாள் இருந்தாள். அண்ணன் சாத்விக், மஜ்ஜை கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு முன்பே சொல்லி வைத்திருந்ததால், காய்ச்சல் வரக்கூடாது என்று ஐஸ் சாப்பிடாமல் இருந்தான். அவளை எடுத்துக்கொண்டு போன அன்றும் அவன் ஐஸ் சாப்பிடவில்லை என்று சத்யவேணி என்னிடம் சொன்னாள். அதற்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. நூகராஜுவிடமும் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது.

லாஸ்யா போன நாலாம் நாள் மோட்டார் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அதை மொட்டைமாடியிலிருந்து தூக்கி எறியலாம் போல இருந்தது. பங்கார்ராஜு பிரித்து மாட்டினான்.

பத்து நாள் தீட்டு முடியும்வரை சோதனையைத் தள்ளிப் போடலாம் என்று செக்ரட்டரிகூடச் சொன்னார். நான் நூகராஜுவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"இன்னும் மூணு குழந்தைங்க இருக்காங்களே மேடம்," என்றார். "அதுங்க எந்த வார்டுல படுத்திருக்குன்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் காலையில் வந்தார். சவரம் செய்யாத முகம், காலில் செருப்பில்லை. தீட்டுக்காரரைத் தொடக் கூடாது என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. காவலாளி சந்நியாசி ராவ் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டான்.

"சார், எந்திரம் சரியாத்தான் இருக்கு," என்றான் பங்கார்ராஜு. "நேரா பதினேழாவது வரிக்குப் போயிடலாம். யாரும் கேக்கமாட்டாங்க சார். நீங்க வீட்டுக்குப் போங்க."

"மொதல்லேர்ந்து பாபு."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. விசிறி ஓடியது, நின்றது. காற்று, குளிர், ஃபில்டர், புகை. பதினாலாவது வரியில் டேம்பர் பட்டென்று மூடியது. ஒவ்வொன்றையும் அதே உருண்டைக் கையெழுத்தில் எழுதினார். பதினேழாவது வரி வந்ததும் நாலாவது அறைக்குள் போனார். லாஸ்யாவுக்கென்று குறித்து வைத்திருந்த அறை அது. நான் கடிகாரத்தோடு உள்ளே நின்றேன். அவர் கதவருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவின் அடியிடுக்கில் காகிதத்தைப் பிடித்தார்.

மெயின் போயிற்று. அறை இருண்டது, காற்றின் சத்தம் அடங்கியது. அந்த நிசப்தத்தில் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஜெனரேட்டர் வந்தது. விளக்கு வந்தது. காகிதம் அசையாமல் தொங்கியது. மேலே எங்கோ டேம்பர் திறந்தது, விசிறி முனகியது. காகிதத்தின் நுனி மெல்ல ஆடியது. பிறகு முழுக் காகிதமும் கதவிடுக்கு வழியாக வெளியே பார்த்து விறைத்துக்கொண்டது. மீட்டர் எட்டைத் தொட்டது.

நான் கடிகாரத்தை நிறுத்தினேன். அவர் எண்ணைக் கேட்கவில்லை. காகிதத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"எழுபத்திநாலு," என்றேன்.

தாளை முழங்காலில் வைத்து எழுதினார். 'தேர்வு'. மிச்ச இரண்டு வரிகளையும் முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

அறைகளைக் கழுவித் துடைத்து, கிருமிப் பரிசோதனை முடித்து அடுத்த வாரம் திறந்தார்கள். ரிப்பன் வெட்டி, மாடுகுல என்ற பக்கத்து ஊரின் பேர்போன ஹல்வாவைக் கொடுத்தார்கள். நான் என் பங்கை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். நாலாவது அறை, பட்டியலில் ஐந்தாவதாக இருந்த ஸ்ரீகாகுளத்துப் பையனுக்குப் போயிற்று. தாளின் பிரதியை என்னிடம் ஒப்படைக்க நூகராஜு அன்று வந்திருந்தார். எங்கள் சட்டையில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு அந்தப் பையனின் அம்மா ஓடி வந்தாள். சின்னப் பெண், கையில் வீட்டுச் சாமிப் படம்.

"ஐயா, நீங்கதான் இந்த மிஷினப் பாத்தவராமே. ரூம் நல்லாருக்குங்களா?"

"நல்லாருக்கும்மா. நான் பாத்தேன்."

"எங்க ஊர்ல எப்பப் பாத்தாலும் கரண்ட் போகும். இங்க கரண்ட் போனா மிஷின் நின்னுருமா ஐயா?"

"நிக்கும்மா. பயப்படாத. தானா வந்துரும்."

"எவ்ளோ நேரத்துலங்க?"

நூகராஜு வாயைத் திறந்தார். எந்த எந்திரத்தின் எந்த எண்ணைக் கேட்டாலும் தாளைப் பார்க்காமல் சொல்கிற மனிதர். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"எழுபத்திநாலு செகண்டும்மா," என்று நான் சொன்னேன்.

"அவ்ளோதானா!" என்று அவள் சாமிப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.